ஒரு சாண் குழி

மலைமேல் நெடுநேரம் ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்க உட்காரும் இடம் எதுவாக இருந்தாலும், அங்கே பெரிய பாறை ஒன்று இருக்கும். அந்தப் பாறையின் பின்பக்கத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளி மேடு ஒன்றில் அப்படி உட்கார்ந்திருந்தோம். கீழே கூப்பிடு தூரத்தில் ஓடை சலசலத்துக் கொண்டிருந்தது. பாட்டிலை நிரப்பப் போன என்னை வழிகாட்டியாக வந்த பழங்குடி அண்ணன் நிறுத்தினார். “இங்க வேண்டாம் சார். இன்னொரு அரை மணி நடந்தா வேற தண்ணி இருக்கு.” ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பாறையை நோக்கித் தாடையை அசைத்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். புல்லுக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் காகிதங்கள், ஈரத்துடைப்பான்கள், ஈக்கள். சரிவு நேராக ஓடையில் போய் முடிந்தது.

மலையேற்றக் குழுக்கள் ஷூ பற்றியும் ஜெர்கின் பற்றியும் வாரக்கணக்கில் பேசும். காலையில் எங்கே ஒதுங்குவது என்று கேட்க எல்லோருக்கும் கூச்சம். கேட்காததால் யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தராததால் ஒவ்வொருவரும் கிடைத்த பாறைக்குப் பின்னால் போகிறார்கள். ஆகவே அதைத்தான் இங்கே முதலில் பேசப்போகிறேன், கூச்சமில்லாமல். பிஸ்கட் உறைகளைப் பிறகு பார்ப்போம்.

காட்டில் தடம் விடாமல் போய்வருவதற்கான விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 1980களில் வனத்துறையும் மலையேற்றப் பயிற்சிப் பள்ளிகளும் சேர்ந்து உருவாக்கியது ‘லீவ் நோ டிரேஸ்’ என்ற பெயரில் 1994இல் ஓர் அமைப்பாக ஆனது. அவர்கள் சொல்லும் கொள்கைகள் ஏழு. அவற்றுள் மலம் பற்றிய விதியின் சாரம் இரண்டு அளவுகள்: குழி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், அது தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் தங்குமிடத்திலிருந்தும் 60 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், எட்டி வைத்த நடையில் எழுபது எண்பது அடிகள். பூனை மண்ணைப் பறித்து மூடுவதைப் பார்த்து அவர்கள் இதற்குப் ‘பூனைக்குழி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

“யானை வழியெல்லாம் சாணம் போடுகிறது, காட்டுமாடு போடுகிறது, நாம் போட்டால் என்ன?” என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். நல்ல கேள்விதான். யானையின் சாணம் அந்தக் காட்டின் புல்லும் பட்டையும் விதையும். எடுத்த இடத்திலேயே அது திரும்பிப் போகிறது. சாணவண்டுகள் அதைத் துண்டு துண்டாக மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். நம்முடையது சமவெளியில் தின்ற சாப்பாடு. அதோடு நம் குடலில் இருக்கும் கிருமிகளும் வருகின்றன. டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, சீதபேதி, உருளைப்புழு முட்டை எல்லாம் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிறவை. ஓடைக்குக் கீழே குடிக்கப்போவதும் மனிதர்களே: அடுத்த குழு, அதற்கும் கீழே இருக்கும் பழங்குடிக் குடியிருப்பு, அணைக்கட்டு, பிறகு நம் ஊர்க் குழாய்.

கொக்கிப்புழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் முட்டை மலத்தோடு ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் அந்தப் புழு மனிதத் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடும். தோதான மண்ணில் மூன்று நான்கு வாரம் காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் போதும், பாதத்தின் வழியே உள்ளே போய்விடும். நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தோட்டங்களில் நம் தொழிலாளர்களின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையில் தள்ளியது இந்தப் புழு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே நடத்திய ஒழிப்பு வேலையில் மருந்தோடு சேர்த்து வலியுறுத்திய காரியம் கழிப்பறை கட்டுவதுதான். வெள்ளியங்கிரிக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் ஏராளம். பாதையை விட்டு நாலடி தள்ளி நிழலில் உட்கார்ந்தவர், பின்னால் வருகிறவரின் பாதத்துக்கு நேராக இதை வைத்துவிட்டுப் போகிறார்.

சரி, எங்கே உட்காருவது? நம் மலைகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளில் மேடெல்லாம் புல்வெளியாக இருக்கும். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு அடர்ந்து நிற்கும். சோலை அந்த மடிப்பில் நிற்பதற்கும் அங்கே தண்ணீர் சேர்வதற்கும் தொடர்பு உண்டு. ஓடை பிறக்கும் இடமே அதுதான். புல்வெளியில் நின்றால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆள் தெரியும். ஆகவே மறைவு தேடுகிறவர் நேரே சோலைக்குள் போவார். மறைவு கிடைத்தது, ஆனால் அவர் போய் உட்கார்ந்தது ஓடையின் தலைமாட்டில். 60 மீட்டர் விதியை அறிந்தவர்கூட இங்கே ஏமாந்துவிடுவார், ஏனென்றால் கோடையில் சோலைக்குள் ஓடை கண்ணுக்குத் தெரியாது. இலைச்சருகுக்கு அடியில் ஈரமாக மட்டும் இருக்கும். ஜூன் மாதம் மழை பிடித்ததும் அதே இடத்தில் தண்ணீர் ஓடும்.

ஆகவே நம் மலையில் மறைவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பழைய புடவை ஒன்றும் இரண்டு ஊன்றுகோலும் போதும். ஒரு பெரிய குடைகூடப் போதும். இதை வைத்துக்கொண்டு புல்சரிவில், வெயில் படும் பக்கத்தில், மடிப்பை விட்டு மேட்டில் இடம் பார்க்க வேண்டும். வெயில் பட்ட மண் சூடாகும். சூட்டில் மக்கும் வேலை வேகமாக நடக்கும். கறுத்து, பொலபொலவென்று, கையில் எடுத்தால் மண்வாசம் வரும் மண் நல்லது. களிமண்ணும் சரளையும் உதவாது. நான்கு விரற்கடை தோண்டியதும் பாறை இடித்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஆழத்தில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

தோண்டுவதற்கு நம்மூர்க் களைக்கொத்தைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரிந்து இல்லை. மலையேற்றச் சாமான் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கரண்டி புல்வேரில் பட்டால் வளைந்துவிடும். புல்லை வேரோடும் மண்ணோடும் ஒரு அப்பமாகப் பெயர்த்து மேற்புறம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓர் ஆள் கை விரித்த அகலத்துக்குள், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, மண்ணை எடுக்க வேண்டும். இந்த ஆழத்துக்குக் காரணம் உண்டு. மண்ணில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மேலடுக்கில்தான் வாழ்கின்றன. அங்கேதான் வேரும் காற்றும் உள்ளன. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் அங்கே மக்காமல் அப்படியே கிடக்கும். மேலாக வைத்தால் முதல் மழையே வெளியில் எடுத்துவிடும். காட்டுப்பன்றி அன்றிரவே கிளறிவிடும்.

அமெரிக்க விதிகளில் பாதி காகிதத்தைப் பற்றியது. நாம் தண்ணீரில் கால் கழுவுகிறவர்கள், அதனால் அந்தப் பாதி தொல்லை நமக்கு இல்லை என்று நினைத்தேன். நேரில் பார்த்தபின் மனம் மாறியது. தண்ணீர் பழக்கம் உள்ளவர் தண்ணீரைத் தேடிப் போவார். ஓடைக்கரையில் உட்கார்ந்து ஓடையிலேயே கழுவிக்கொண்டு வருபவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விதி இப்படித்தான் இருக்க வேண்டும்: தண்ணீர் குழிக்கு வரட்டும், நாம் தண்ணீருக்குப் போக வேண்டாம். அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் மூடியில் ஊசியால் நாலு துளை போட்டால் பீய்ச்சி அடிக்கும். கால் லிட்டருக்குள் குழிக்கு மேலேயே வேலை முடிந்துவிடும். இந்த வகையில் நம் பழக்கம் உண்மையிலேயே உயர்ந்தது, காகிதமே மிஞ்சாது.

பிறகு ஒரு குச்சியை எடுத்துக் கொஞ்சம் மண் தள்ளிக் குழிக்குள்ளேயே கிளறிவிட வேண்டும். அருவருப்பான வேலைதான், பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் மலம் உருண்டையாகக் கிடந்தால் மண்ணின் உயிர்கள் அதன் வெளிப்புறத்தை மட்டும்தான் தொட முடியும். கலந்துவிட்டால் மக்குவது விரைவாகும். குச்சி குழிக்குள் போகட்டும். களைக்கொத்து மலத்தில் படவே கூடாது. மண்ணை நிரப்பி, புல் அப்பத்தை மேலே வைத்து மிதித்துவிட்டால், எழுந்து திரும்பிப் பார்க்கும்போது எங்கே உட்கார்ந்தோம் என்று நமக்கே தெரியாது. கைக்கு சோப்பு. சானிடைசர் எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை. வயிற்றுப்போக்கு தரும் சில வைரஸ்களிடம் அது தோற்றுவிடும். ஒரு சோப்புத் துண்டு, இன்னொரு பாட்டில் தண்ணீர், ஓடையை விட்டுத் தள்ளி.

யானைக்காட்டில் ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். இருட்டில் தனியாக எழுபது அடி நடந்து போவது உயிருக்கு ஆபத்து. கரடியும் காட்டுமாடும் நடமாடும் நேரம் அது. வழிகாட்டியிடம் சொல்லாமல் யாரும் நகரக் கூடாது. வெளிச்சம் வரும்வரை பொறுக்க முடியாதவர் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துப் போகட்டும். தங்குமிடத்திலிருந்து உள்ள தூரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். தண்ணீரிலிருந்து உள்ள தூரத்தைக் குறைக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் நான் இதைத்தான் பிடித்துக்கொள்வேன். சிறுநீருக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். தண்ணீரை விட்டுத் தள்ளி, செடியின் மேல் போகாமல், பாறையிலோ வெறும் மண்ணிலோ போனால் போதும். அதில் உப்பு இருப்பதால் விலங்குகள் நக்க வரும் என்பதே காரணம். அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் மலையாடுகள் மனிதரின் உப்புக்குப் பழகி ஆள் பின்னாலேயே வரத் தொடங்கியது பெரிய தலைவலியானது. 2018 முதல் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஹெலிகாப்டரில் தூக்கி வேறு மலைக்குக் கொண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு ஒழுங்காகக் குழி தோண்டினால் பிரச்சினை தீர்ந்ததா? ஒருவருக்குத் தீர்ந்தது. குழுவுக்குத் தீரவில்லை. இதை நானும் வெகுகாலம் யோசிக்கவில்லை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மொண்டானா மலைகளில் சில ஆய்வாளர்கள் கிருமி கலந்த மலத்தைப் பல இடங்களில், பல ஆழங்களில் புதைத்து வைத்தார்கள். ஓராண்டு கழித்துத் தோண்டினால் சால்மொனெல்லா கிருமி இன்னும் உயிரோடு இருந்தது. ஆழம் கூடியதாலோ குறைந்ததாலோ பெரிய வேறுபாடு இல்லை. அது பனி மலை. நம் மலை அதைவிடச் சூடும் ஈரமும் உள்ளது, மக்குவது இன்னும் விரைவாகவே நடக்கும். ஆனாலும் குழி மூடியவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை, மாதக்கணக்கில் அது உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாதையில் இரவு தங்க ஒரே இடம். வாரத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு 15 பேர், ஆண்டில் 30 வாரம். காலைக்கு ஒரு குழி என்றாலே 450 குழிகள். அத்தனையும் நடந்து போகக்கூடிய, மறைவான, தட்டையான அதே சரிவில். அடுத்த ஆண்டு வருகிறவரின் களைக்கொத்து முந்தைய ஆண்டின் குழியைத்தான் திறக்கும். பயன்படுத்திக் களைத்துப்போன இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அங்கே மண் எங்கு தொட்டாலும் இளகலாக இருக்கும். சுற்றிலும் இல்லாத அளவுக்குப் புல் திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாக வளர்ந்திருக்கும். பன்றி கிளறிய பள்ளங்கள் இருக்கும்.

ஆகவே குழுவை நடத்துகிறவரின் முதல் விதி குழிக்கு முன்னாலேயே தொடங்குகிறது: கூடிய மட்டும் மலைக்கு மேல் யாரும் போக வேண்டியிருக்கக் கூடாது. ஒரு பகல் ஏற்றத்துக்கு இது முழுதாகவே நடக்கும். அதிகாலை 4 மணிக்கு வேனில் தூங்கிக்கொண்டு வந்து, இறங்கியதும் சூடாக டீயும் குடித்துவிட்டு ஏறத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் பாதிப் பேருக்கு வயிறு அழைக்கும். உடம்பின் இயல்பு அது. அடிவாரத்தில் கழிப்பறை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, டீயை அங்கேயே கொடுத்து, முழுதாக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணிக்காக அட்டவணையை மாற்றத் தயங்கும் குழுத்தலைவர், பாறைக்குப் பின்னால் நடப்பதற்குத் தானே பொறுப்பு. முந்தைய இரவு பரோட்டாவும் கறியும் தின்றுவிட்டு வரவேண்டாம் என்று சொல்வதும் இதில் சேரும்.

தங்கும் குழுவாக இருந்தால், இடம் களைத்துப்போயிருந்தால், பாறையும் பனியுமான உயரமாக இருந்தால், சுமந்து இறக்குவதுதான் வழி. சொன்னதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் உலகத்தில் பல இடங்களில் இது இப்போது சட்டம். கலிஃபோர்னியாவின் விட்னி மலையில் இருந்த கழிப்பறைகளை எடுத்துவிட்டு, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பை கொடுத்து அனுப்புகிறார்கள். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் தம் மலத்தைப் பையில் கீழே கொண்டுவர வேண்டும் என்று அங்குள்ள உள்ளாட்சி 2024இல் விதி செய்தது. அந்தக் குளிரில் எதுவும் மக்காது. இங்கிருந்து இமயத்துக்குப் போகிற நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தராகண்டில் உயரத்துப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே உயர் நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. அந்தப் புல்வெளிகளின் நிலையைப் பார்த்தபின்தான்.

அந்த வெளிநாட்டுப் பைக்குள் இருக்கும் தூள், குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாக்கும் அதே பொருள். நம்மூரில் கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். தரையில் ஒரு செய்தித்தாள். அதன்மேல் ஒரு பிடி மரத்தூள். அதில் இருந்துவிட்டு, மேலே இன்னொரு பிடி தூவி, மடித்து, தடித்த பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். தண்ணீரில் கழுவுவதை மட்டும் செய்தித்தாளிலிருந்து விலகிச் சிறு குழிக்கு மேல் செய்துகொள்ளலாம். அல்லது பை கனத்து ஒழுகும். இந்தப் பைகளை நசுங்காமல் வைக்க, பாறையேறுகிறவர்கள் பயன்படுத்தும் உத்தி ஒன்று இருக்கிறது: நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு முனையை அடைத்து, மறு முனைக்குத் திருகு மூடி போட்டு, மூட்டையின் வெளிப்புறத்தில் கட்டிவிடுவது. வாடை வராது. கீழே வந்ததும் உள்ளிருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பையைத் தனியாகச் சுற்றிக் குப்பையில் சேர்க்க வேண்டும். அடிவாரத்தில் இதை வாங்கிக்கொள்ள நம்மிடம் இன்னும் இடம் கிடையாது. வீடுவரைகூடக் கொண்டுவர நேரலாம். இந்தக் குறையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆயிரக்கணக்கானோர் ஏறும் வெள்ளியங்கிரி போன்ற மலையில் தனிமனிதக் குழியும் பையும் எதுவும் செய்யாது. அங்கே தேவை ஏற்பாடு செய்யப்பட்ட கழிப்பிடமும் அதை இறக்கும் ஆட்களும்தான்.

மாதவிடாய் நாப்கின் எந்த நிலையிலும் குழிக்குள் போகக் கூடாது. அதில் பாதி பிளாஸ்டிக். வாடையைப் பிடித்து விலங்கு தோண்டி எடுத்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, உலர்ந்த டீத்தூள் ஒரு கரண்டி போட்ட பையில் வைத்தால் வாடை அடங்கும். குழுத்தலைவர் ஆணாக இருந்தால், பெண்களிடம் இதைச் சொல்ல ஒரு பெண்ணை முன்பே கேட்டுவைப்பது நல்லது. சொல்லாமல் விடுவதைவிட யார் சொன்னாலும் மேல்.

இனி உறைகள். பிஸ்கட், சிப்ஸ் உறைகள் ஒரே தாளைப் போலத் தெரிந்தாலும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் அடுக்குகளும் அலுமினியப் பூச்சும் ஒட்டியவை. மக்காது. எரித்தால் நச்சுப் புகை வரும், அலுமினியம் அப்படியே சாம்பலில் மினுக்கிக்கொண்டு கிடக்கும். உப்பும் மசாலாவும் ஒட்டியிருப்பதால் மானும் குரங்கும் உறையோடு சேர்த்துத் தின்னும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பைகள் இருந்தன; அது குப்பைமேட்டில் மேய்ந்த யானை. காட்டுக்கு வாய் வைக்கிற இடமெல்லாம் குப்பைமேடு ஆக வேண்டியதில்லை.

குழு நடத்தி நடத்தி நான் கண்டது இதுதான்: உறையை மலையில் பொறுக்க முடியாது, வீட்டில்தான் பொறுக்க முடியும். நான் கூட்டிப்போன 15 பேர் கொண்ட ஒரு குழுவின் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு பகல், ஓர் இரவு. முதலில் போட்ட பட்டியலில் பிஸ்கட் 30 பொட்டலம், சிப்ஸ் 15, தனித்தனியாகச் சுற்றிய கடலை மிட்டாய் 45, நூடுல்ஸ் 15. நூடுல்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் மசாலாப் பொட்டலம் ஒன்று, அது 15. மொத்தம் 120 உறைகள். ஒவ்வொன்றையும் திறக்கும்போது கிழிந்து விழும் மூலைத்துண்டு வேறு. காட்டுப் பாதைகளில் குனிந்து பொறுக்கினால் அதிகம் கிடைப்பது இந்த நகக்கண் அளவு மூலைத்துண்டுதான், முழு உறை அல்ல. முழு உறையைப் பைக்குள் போடும் ஒழுங்குள்ளவர்கூட மூலைத்துண்டைக் கவனிப்பதில்லை. பொட்டலத்தை முழுக்கக் கிழித்துப் பிரிக்காமல், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முந்தைய நாள் மாலை எல்லோரும் ஒரு வீட்டில் கூடினோம். பிஸ்கட்டைப் பிரித்து இரண்டு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினோம். சிப்ஸை எடுத்துவிட்டு முறுக்கும் பொரியும் துணிப்பையில். கடலை மிட்டாய் சுற்றாத பாளமாக வாங்கி ஒடித்துப் போட்டோம். நூடுல்ஸுக்குப் பதிலாக, வறுத்த ரவையில் கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கலந்து ஒரே பையில் கட்டினோம். வெந்நீர் ஊற்றினால் உப்புமா. பிரித்த உறை முழுவதும் வீட்டுக் குப்பைத்தொட்டியில், நகராட்சி வண்டிக்காகக் காத்திருந்தது. மேலே போக வேண்டியவை மிஞ்சியது இவ்வளவுதான்: உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் 10, மாத்திரை அட்டை 4, மலை ஏற்றத்தில் வாய்க்குள் ஒதுக்கிக்கொள்ள இஞ்சி மிட்டாய் 20. மொத்தம் 34. ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எண்ணி அனுப்பி எண்ணி வாங்குவதில் பலன் இருக்கிறது என்பதை நான் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பார்த்துத்தான் கற்றேன். அங்கே வனத்துறையினர் மூட்டைகளைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலில் ஓர் ஒட்டு ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தருகிறார்கள். நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறை 2022இல் வந்ததும் இதே கணக்குத்தான். உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் தலையிட்டபின் வந்தது.

தோல்களைப் பற்றிய வாதம் எங்கள் குழுவிலும் எழுந்தது. ஆரஞ்சுத் தோல் மக்கிப்போகும்தானே? போகும், அந்தக் குளிரில் மாதக்கணக்கில். அதுவரை குரங்குகள் அந்த இடத்தை நினைவு வைத்துக்கொண்டு அடுத்த குழுவின் பையை இழுக்கும். விதைகளும் முளைக்கலாம். தோல், முட்டையோடு, மிஞ்சிய சோறு எல்லாவற்றுக்கும் ஒரு வாளிமூடி டப்பா இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டியில் ஊற்றி, பருக்கைகளை டப்பாவில் போட்டோம்.

இரவுத் தங்குமிடத்தில் ஒரு மரக்கிளையில் துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டேன். அதற்குள் களைக்கொத்து, சோப்பு, துளை மூடிப் பாட்டில், செய்தித்தாள், மரத்தூள், பழைய புடவை. பை கிளையில் இல்லை என்றால் ஒருவர் போயிருக்கிறார் என்று பொருள், மற்றவர் காத்திருப்பார். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைத்ததில்லை. இடத்தை வழிகாட்டி அண்ணன் முந்தைய மாலையே காட்டியிருந்தார்: சோலையை விட்டு எதிர்ப்பக்கம், மேட்டில், கிழக்கு வெயில் விழும் சரிவு. மறுநாள் காலை 11 பேர் பையை எடுத்துப் போனார்கள். 9 பேர் குழி தோண்டினார்கள். இரண்டு பேர் செய்தித்தாள் முறையை முயன்று பார்த்தார்கள். அந்தக் குழாய் என் மூட்டையில்தான் இறங்கியது, ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

பிற்பகல் அடிவாரத்துக்கு வந்து, வண்டி ஏறுவதற்கு முன் தார்ப்பாயை விரித்து எல்லோரும் பைகளைக் கொட்டினோம். தாளை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். கரைசல் பொட்டலம் 10. மாத்திரை அட்டை 4. இஞ்சி மிட்டாய்க் காகிதம் 19. சட்டைப்பை, ஜெர்கின் பை, தொப்பியின் மடிப்பு, செருப்பின் அடி எல்லாம் தேடினோம். கல்லூரிப் பையன் ஒருவன், ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டதாகவும் காகிதத்தைக் கையில் இடுக்கியதாகவும் நினைவு சொன்னான். திரும்பி ஏற நேரமில்லை, இருட்டிக்கொண்டு வந்தது. வழிகாட்டி அண்ணன் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமை அந்தப் பக்கம் தான் தேன் பாக்கப் போறேன் சார். ரெண்டாவது வளைவுல பாக்குறேன்” என்றார்.